கறவை மாட்டின் கணக்கை எங்கே முடிப்பது?

மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு பெண் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டால், கூட்டத்தில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்? மாதத் தவணை எவ்வளவு வரும்? பத்து லிட்டர் கறக்கும், லிட்டர் 35 ரூபாய், ஆக மாதம் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டு, இரண்டாயிரம் ரூபாய்த் தவணையை எளிதில் கட்டிவிடலாம் என்று தீர்மானம் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது மாட்டின் மிக நல்ல மாதத்தை மட்டும் பார்க்கும் கணக்கு. மாடு வற்றி நிற்கும் மாதங்களும், வைக்கோல் விலை ஏறும் கோடையும், சினை நிற்காமல் கடந்துபோகும் பருவங்களும், கடைசியில் அந்த மாடு என்ன விலைக்குப் போனது என்பதும் அதில் இல்லை.

கடனில் வாங்கிய கறவை மாடு ஏழைக் குடும்பத்துக்கு லாபம் தருகிறதா என்ற கேள்விக்கு இந்தியாவில் ஐம்பது ஆண்டுகளாகப் பல பதில்கள் சொல்லப்பட்டுள்ளன. அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு ஒரு காரணம், ஒவ்வொருவரும் கணக்கை வெவ்வேறு இடத்தில் முடிப்பதுதான். அந்தப் பதில்களை ஒழுங்குபடுத்திப் பார்த்து, ஒரு மாட்டின் கணக்கை வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பசுவைக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் முதலில் சந்தையைக் கட்டியது. ஊரில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், நகரத்தில் விற்பனை என்ற ஆனந்த் முறை அது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரும் இரண்டு லிட்டர் பாலை ஊற்றிப் பணம் வாங்க முடிந்தது. அந்த வெற்றியைப் பார்த்த திட்டமிடுவோர், பால் வாங்க ஆள் இருக்கும்போது ஏழையிடம் மாடு இல்லாததுதான் குறை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1978-இல் தொடங்கி 1980-இல் நாடு முழுவதும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் இந்த நம்பிக்கையின் மேல் நின்றது. மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சொத்து, பல இடங்களில் அந்தச் சொத்து ஒரு கறவை மாடு. கால்நடைக் கடனை வகுத்தவர்கள் ஒரு நல்ல விதியை வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாடு. இரண்டாவது மாட்டை ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து வாங்க வேண்டும். ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும், தவணை தடைப்படாது. நடைமுறையில் பல குடும்பங்களுக்கு இரண்டாவது மாடு வரவே இல்லை. முதல் மாடு வற்றியதும் தவணை நின்றது, தவணை நின்றவருக்கு அடுத்த கடன் கொடுக்க வங்கி தயங்கியது.

1985-இல் பொருளியலாளர் நீலகண்ட ரத் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். சொத்தைக் கையில் கொடுப்பதால் மட்டும் வறுமை தீராது என்பதே அவர் வாதத்தின் சாரம். மாடு என்ற சொத்துக்கு இதை நேராகப் பொருத்திப் பார்க்கலாம். தீவனமும் மருத்துவமும் அருகில் இல்லாத ஊரில் மாட்டைக் கொடுத்தால், கடன் தங்கும், மாடு தங்காது. இந்த விமர்சனத்துக்கு இன்றும் வலு உண்டு. ஆனால் இந்த வழியில் நடந்த பல மதிப்பீடுகளில் ஒரு பலவீனமும் இருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது மாடு வீட்டில் இல்லையென்றால் திட்டம் தோற்றது என்று குறித்துக்கொண்டார்கள். மகள் திருமணத்துக்கோ, அடகு நகையை மீட்கவோ நல்ல விலைக்கு விற்ற மாடும், நோயில் செத்த மாடும் அந்தப் பட்டியலில் ஒன்றாகிப் போயின.

சுய உதவிக் குழுக்கள் வந்த பிறகு கேள்வியின் முகம் மாறியது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. 1999-இல் பழைய ஊரக வளர்ச்சித் திட்டமே கலைக்கப்பட்டுக் குழுவழித் திட்டமாக மாற்றப்பட்டது. கடன் இப்போது அதிகாரி தேர்ந்தெடுத்த பயனாளிக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த உறுப்பினருக்குப் போனது. திருப்பிச் செலுத்துவது பெருமளவு சீரானது. ஆனால் தவணை ஒழுங்காக வருவதும் மாடு லாபம் தருவதும் ஒன்றல்ல. கூலிக்குப் போய்த் தவணை கட்டினாலும் குழுவின் பதிவேட்டில் அது வரவுதான்.

இழப்பே மிச்சம் என்ற ஆய்வு

2013-இல் சந்தோஷ் அனகோல், ஆல்வின் எட்டாங், டீன் கார்லன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தை உலுக்கியது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களின் வரவு செலவை எடுத்து, மாட்டின் விலைமேல் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். குடும்பத்தாரின் உழைப்பைச் சந்தைக் கூலியில் மதிப்பிட்டால், பசுவில் 64 சதவீதமும் எருமையில் 39 சதவீதமும் இழப்பு என்று வந்தது. உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூடப் பசுவில் 6 சதவீத இழப்பு. எருமையில் மட்டும் 13 சதவீத லாபம்.

இந்த ஆய்வு சரி என்றால் ஒரு புதிர் எழுகிறது. இழப்பு என்று தெரிந்தும் கோடிக்கணக்கான குடும்பங்கள் ஏன் மாடு வைத்திருக்கின்றன? ஆய்வாளர்களே சில விளக்கங்களைச் சொன்னார்கள். வீட்டுக்குத் தரமான பால் கிடைக்கிறது. வீட்டுப் பெண்களின் நேரத்துக்கு வெளியே கூலிச் சந்தை இல்லை. பணத்தைக் கையில் வைத்தால் கரையும், மாட்டில் போட்டால் நிற்கும்.

மறுப்பும் வந்தது. ஓராசியோ அட்டனாசியோவும் பிரிட்டா ஆக்ஸ்பர்க்கும் ஆந்திரத்தின் அனந்தபுரம் மாவட்டத்தில் ஒரே குடும்பங்களின் கணக்கை மூன்று ஆண்டுகளில் எடுத்தார்கள். வறட்சியில் தீவனம் கிடைக்காத ஆண்டில் மாடு இழப்பைத் தந்தது, மழை பெய்து பச்சை இருந்த ஆண்டில் நல்ல வருமானம் தந்தது. ஒற்றை ஆண்டை எடுத்து மாட்டை எடைபோடக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் குழுக் கடனுக்கு அது முழு ஆறுதல் ஆகாது. ஆய்வாளர் மூன்று ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கலாம். கடன் வாங்கிய பெண்ணுக்கு வறட்சி ஆண்டு முதலாண்டாக வந்துவிட்டால், சராசரி சரியாகும் வரை தவணை காத்திருக்காது.

இரு தரப்பு ஆய்வுகளிலும் நம் சூழலுக்கு ஒரு இடைவெளி உண்டு. தமிழ்நாட்டுக் குழுக்கள் வாங்குவது பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம். நாட்டு மாட்டைவிட அதிகம் கறக்கும், அடர்தீவனமும் அதிகம் கேட்கும். உத்தரப் பிரதேசத்துப் பசுவின் கணக்கை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது. ஆகவே கலப்பின மாடு ஒன்றின் கணக்கைத் தனியே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாட்டின் மூன்று ஈற்று

இது எடுத்துக்காட்டுக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் அமைப்பு மாறாது. இரண்டாம் ஈற்றில் கன்றுடன் நிற்கும் ஜெர்சி கலப்பினப் பசுவை ஒரு குழு உறுப்பினர் 60,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொள்வோம். கடன் 36 தவணை, ஆண்டு வட்டி 12 சதவீதம், மாதம் சுமார் 2,000 ரூபாய். மாடு 300 நாள் கறக்கிறது, 125 நாள் வற்றி நிற்கிறது, 14 மாதத்தில் அடுத்த கன்றை ஈனுகிறது. சந்தையில் பன்னிரண்டு லிட்டர் என்று சொல்லி விற்ற மாடு அந்த 300 நாளில் சராசரியாக எட்டு லிட்டர்தான் தரும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய், பிறகு மாதாமாதம் இறங்குவது பசுவின் இயல்பு. மொத்தம் 2,400 லிட்டர், கன்றுக்கும் வீட்டுக்கும் 200 போக, சங்கத்துக்கு 2,200.

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அறிவித்த விலை அப்படியே கைக்கு வருவதில்லை. கொழுப்பும் இதரச் சத்தும் குறைந்தால் விலை குறையும், பச்சைத்தீவனம் இல்லாத மாடுகளின் பாலில் அது அடிக்கடி நடக்கிறது. 34 ரூபாய் என்று எடுத்தால் ஓர் ஈற்றுக்கு 74,800 ரூபாய் பால் வரவு.

இனி தீவனம். கறக்கும் மாட்டுக்கு உடலைப் பேண ஒன்றரைக் கிலோவும், லிட்டருக்குச் சுமார் 400 கிராமும் அடர்தீவனம் வேண்டும் என்பது பொது அளவு. பச்சைத்தீவனம் நன்றாக இருந்தால் இதைக் கொஞ்சம் குறைக்கலாம். நாளுக்கு நான்கு கிலோ என்று கறவை நாள்களிலும், ஒன்றரைக் கிலோ என்று வற்றிய நாள்களிலும் போட்டால் ஓர் ஈற்றுக்குச் சுமார் 1,390 கிலோ. கிலோ 30 ரூபாய் வீதம் 41,700 ரூபாய். தாது உப்புக் கலவைக்கு 1,700. இந்த 43,400 ரூபாயை எந்தக் குடும்பமும் தவிர்க்க முடியாது.

வைக்கோலிலும் பச்சையிலும்தான் குடும்பங்கள் பிரிகின்றன. நாளுக்கு ஐந்து கிலோ வைக்கோலை எட்டு ரூபாய்க்கு வாங்கினால் ஓர் ஈற்றுக்கு 17,000. நாளுக்கு இருபது கிலோ பச்சையைக் கிலோ ஒன்றரை ரூபாய்க்கு வாங்கினால் இன்னும் 12,750. சொந்த நெல்வயலும் கிணற்றோரம் நாலு வரிசை கம்பு நேப்பியர் புல்லும் இருக்கிற பெண்ணுக்கு இந்த இரண்டும் ரொக்கச் செலவே அல்ல.

மருத்துவம், சினை ஊசி, குடற்புழு மருந்து, காப்பீடு எல்லாம் சேர்த்து ஓர் ஈற்றுக்கு 5,000 என்று வைப்போம். பெரிய நோய் எதுவும் வராத ஈற்றின் கணக்கு இது. இப்போது மீதியைப் பார்க்கலாம். வைக்கோலும் பச்சையும் சொந்தமாக உள்ளவருக்கு ஓர் ஈற்றில் 26,400 மிஞ்சுகிறது. வைக்கோலை மட்டும் வாங்குபவருக்கு 9,400. இரண்டையும் வாங்குபவருக்கு 3,350 ரூபாய் குறைகிறது. அந்த 14 மாதத்தில் மூவரும் கட்ட வேண்டிய தவணை 28,000. நிலமுள்ளவரே தவணைக்குக் கொஞ்சம் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. வைக்கோல் வாங்குபவர் 18,600 ரூபாயை வேறெங்கோ சம்பாதித்துக் கட்டுகிறார்.

மூன்று ஈற்றுக்குப் பிறகு, 42 மாதம் கழித்து, மாட்டை 25,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மாட்டின் மதிப்பில் தேய்ந்தது 35,000, கட்டிய வட்டி 11,700, சாணம் விற்ற வரவு 12,000. கன்றுகளை வளர்ப்பது தனித் தொழில் என்பதால் அதைத் தனியாக விட்டுவிடுவோம். நிலமுள்ள பெண்ணுக்கு எல்லாம் போக 44,500 ரூபாய் நிற்கிறது, மாதம் ஏறக்குறைய 1,060. வைக்கோல் வாங்கும் பெண்ணுக்கு 6,500 ரூபாய் நட்டம்.

இந்த 44,500-ஐ உழைப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். புல் அறுக்க, தண்ணீர் காட்ட, சாணம் அள்ள, இரு வேளை கறக்க, சங்கத்துக்கு நடக்க என்று நாளுக்கு மூன்று மணி நேரம் வைத்தால் 3,825 மணி நேரம். மணிக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட வரவில்லை. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி நாளுக்கு 319 ரூபாய், எட்டு மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 40. உத்தரப் பிரதேச ஆய்வில் வந்த பெரிய இழப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது இந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டையும் எச்சரிக்கையோடு வைக்க வேண்டும். மாட்டுக்குப் போகும் மூன்று மணி நேரம் தொடர்ந்து வருவதல்ல. விடிகாலையில் ஒரு மணி, அந்தியில் ஒரு மணி, நடுவில் துண்டு துண்டாக. அந்தத் துண்டுகளை எந்தக் கூலிக்காரரும் வாங்கமாட்டார். அதனால் அதன் மதிப்பு சுழியம் என்று சொல்வதும் தவறு. அந்த மணி நேரம் பெண்ணின் தூக்கத்திலிருந்தோ மகளின் படிப்பு நேரத்திலிருந்தோதான் வருகிறது.

நோயைவிட விலை கூடிய 21 நாள்

மருத்துவச் செலவு என்றால் ஊசி, மருந்து, மருத்துவரின் வண்டிக்காசு என்றுதான் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அரசு மருத்துவமனை அருகில் இருந்தால் அதில் பெரும்பகுதி குறைந்துவிடும். உண்மையில் பெரிய செலவு சீட்டே இல்லாமல் வருகிறது. அது சினை நிற்காத நாள்களின் செலவு.

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தப் பருவம் தவறினால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலம் கடைசியில் வற்றிய நாள்களோடு போய்ச் சேரும். வற்றிய மாட்டுக்கு நாளுக்கு 50 ரூபாய்த் தீவனம் என்றால் தவறிய ஒரு பருவத்தின் விலை 1,050 ரூபாய். அந்த நாள்களுக்குரிய தவணை தனி. ஈற்றுக்கு ஈற்று 14 மாதம் என்பது 18 மாதம் ஆனால், மூன்று ஈற்றில் 18,000 ரூபாய் கூடுதல் தீவனம் போய்விடும். நிலமுள்ள பெண்ணின் 44,500 என்பது 26,500 ஆகிறது. அதுவும் 42 மாதத்துக்குப் பதில் 54 மாதத்தில். மாதம் 1,060 என்பது 490-ஆகச் சரிகிறது. சினை தள்ளிப்போன மாடு சில நாள் கூடுதலாகக் கறக்கும் என்பது உண்மை. கறவையின் கடைசியில் வரும் அந்த இரண்டு மூன்று லிட்டர் தீவனச் செலவைத்தான் ஈடுகட்டும்.

சினை நிற்காததற்குக் காரணங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. ஈன்ற முதல் இரண்டு மாதம் மாடு தின்பதைவிட அதிகமாகக் கறக்கிறது. உடம்பு இளைக்கிறது, இளைத்த மாடு பருவத்துக்கு வராது. கோடையில் கலப்பின மாடுகள் சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போகும், கத்தாது. வாலடியில் கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுகிறதா என்று விடிகாலையில் பார்த்தால்தான் தெரியும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லித் தரும் முறை. ஊசி போட்ட தேதியை எழுதிவைத்து 21-ஆம் நாள் மறுபடி கவனிப்பதும், மூன்றாம் மாதம் மருத்துவரைக் கொண்டு சினை பார்ப்பதும் காசில்லாத வேலைகள். இவை நடக்காத வீட்டில் மாடு சினை என்று நம்பி ஐந்து மாதம் காத்திருந்து, பிறகு வெறும் வயிறு என்று தெரிய வருகிறது.

மடிநோய் இரண்டாவது. கறக்குமுன் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியிலோ தட்டிலோ விட்டுப் பார்த்தால், திரி திரியாகத் தெரிவது தொடக்க அறிகுறி. அந்த நிலையில் சிகிச்சை எளிது. தாமதித்தால் மருந்துச் செலவோடு, மருந்து கலந்த பாலைச் சில நாள் ஊற்றவும் முடியாது. ஒரு காம்பு செத்துப்போனால் அந்த நட்டம் பாலில் மட்டும் நிற்காது, விற்கும் நாளில் விலையிலும் வரும்.

விற்பனை: விடுபட்ட வரி

மாட்டை வாங்கும் விலை எல்லாக் குழுப் பதிவேட்டிலும் இருக்கும். விற்ற விலை பெரும்பாலும் இருக்காது. கடன் முடிந்ததும் குழுவுக்கு அந்த மாட்டோடு உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் மேலே போட்ட கணக்கில் மதிப்புத் தேய்மானமான 35,000 ரூபாய், வட்டியைப் போல மூன்று மடங்கு. எந்த நிலையில் விற்கிறோம் என்பதைப் பொறுத்து இதே மாடு 15,000-க்கும் போகலாம், 40,000-க்கும் போகலாம். ஐந்தாம் ஈற்றில் நான்கு காம்பும் நன்றாக, கன்றுடனோ நிறைசினையாகவோ நின்றால் அது இன்னொரு வீட்டுக்குக் கறவையாகப் போகும். வற்றி, சினையில்லாமல், ஒரு காம்பு கெட்டு நின்றால் அடிமாட்டு விலைதான். இடையிலுள்ள 25,000 ரூபாய் மூன்றரை ஆண்டு உழைப்பின் மொத்த மிச்சத்தில் பாதிக்கு மேல்.

ஆகவே எப்போது விற்பது என்பது எப்போது வாங்குவது என்பதைப் போலவே பெரிய முடிவு. நடைமுறையில் அந்த முடிவை மாட்டின் நிலை எடுப்பதில்லை, வீட்டின் நெருக்கடி எடுக்கிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வைக்கோல் தீர்ந்த சித்திரை. ஊரே வைக்கோல் இல்லாமல் விற்கும்போது சந்தையில் விலை விழுகிறது.

சந்தையில் பெண்கள் நேரடியாக நின்று பேரம் பேசுவது இன்றும் குறைவு. ஈரோடு கருங்கல்பாளையத்திலும் பொள்ளாச்சியிலும் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. துண்டுக்குள் நடந்த பேரத்தில் மாட்டுக்காரிக்குச் சொல்லப்பட்ட தொகை எது, உண்மைத் தொகை எது என்று அறிய வழியில்லை. வாங்கும்போதும் இதே இருட்டுதான். முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய வித்தை. அதற்கு மாற்று ஒன்றுதான்: வாங்குமுன் விற்பவர் வீட்டில் மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை என்று தொடர்ந்து மூன்று வேளை கண்ணெதிரே கறந்து அளக்க வேண்டும். நான்கு காம்பிலும் தனித்தனியே பீச்சிப் பார்க்க வேண்டும். கடைசேர்ந்த மாட்டின் வயதைப் பல்லை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால் ஆறு பல் மாட்டைத் தேடுவதே பாதுகாப்பு.

மறுவிற்பனை விலையைச் சட்டமும் தொடுகிறது. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில நாள்களில் இடைக்காலத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. கிழமாட்டுக்கு வாங்க ஆளே இல்லாத நிலை வந்தால், தேய்மானம் 35,000 என்பது முழு 60,000-ஆக மாறும். மேலே உள்ள கணக்கில் மிச்சம் 19,500-ஆகச் சுருங்கும். பசுப் பாதுகாப்பு விவாதத்தில் இந்த எண்ணைப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

குழு என்ன செய்ய முடியும்?

மாடு ஒரு சேமிப்பு, லாபத்தை வைத்து அதை எடைபோடக் கூடாது என்பது வலுவான வாதம். ஆனால் சுய உதவிக் குழு உறுப்பினரிடம் அந்த வாதம் பாதி வலுவை இழக்கிறது என்று தோன்றுகிறது. சேமிக்க இடமில்லாத பெண்ணுக்கு மாடு உண்டியல். வாரா வாரம் சேமித்து, அந்தப் பணத்தை உள்கடனாகச் சுற்றவிட்டு வட்டி பெறும் பெண்ணுக்கு வேறு உண்டியல் ஏற்கனவே இருக்கிறது. கடன் வாங்கிய பணத்தில் சேமிப்பதற்கு வட்டி வேறு கட்ட வேண்டும். ஆகவே குழுவழி மாட்டுக்கடனை லாபத்தை வைத்தே நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது.

மாட்டையே கூட்டாக வைத்திருப்பது ஒரு மாற்று. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் க்ஷீரசாகரம் திட்டம் ஐந்து பெண்கள், பத்து மாடுகள் என்ற அளவில் குழு அமைத்தது. பத்து மாடு இருந்தால் எப்போதும் சில கறக்கும், தவணை நிற்காது. ஒரு மாடு செத்தால் சுமை ஐவர் மேல் பரவும். ஆனால் கூட்டு மந்தையில் விடிகாலை வேலையைப் பங்கிடுவதில்தான் சச்சரவு வருகிறது. பருவத்துக்கு வந்த மாட்டைக் கவனிக்க யாருக்கும் தனிப் பொறுப்பில்லை என்றால் முன்பு சொன்ன 21 நாள் நட்டம் பத்து மாட்டிலும் வரும்.

இதைவிடச் சாத்தியமானது, மாடு தனி உடைமையாகவும் ஆபத்து கூட்டாகவும் இருப்பது. தவணையைக் கறக்கும் பத்து மாதத்தில் கூட்டியும் வற்றிய மாதங்களில் வட்டியை மட்டும் வாங்கியும் அமைக்கலாம். அறுவடைக் காலத்தில் வைக்கோலைக் குழுவே மொத்தமாக வாங்கிப் போர் போட்டால் கோடை விலையிலிருந்து தப்பலாம். வைக்கோல் வாங்கும் பெண்ணுக்குக் கிலோவில் இரண்டு ரூபாய் குறைந்தால் மூன்று ஈற்றில் 12,750 ரூபாய் மிச்சம், நட்டம் லாபமாகும். காப்பீட்டில் காதுவில்லை விழுந்தால் இழப்பீடு கிடைப்பது சிக்கலாகிவிடும். மாதக் கூட்டத்தன்று வில்லை இருக்கிறதா என்று கேட்டு எழுதுவதும், விழுந்திருந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து மாற்றுவதும் குழு செய்யக்கூடிய வேலை.

இன்னும் முடியாத கேள்விகள்

இதுவரை வந்த பதில்களில் எது சரி? மாடு கொடுத்தால் வறுமை தீரும் என்பது நிலைக்கவில்லை. மாடு எப்போதும் இழப்பு என்பதும் நிலைக்கவில்லை. சொந்த வைக்கோலும் பச்சையும் உள்ள, சங்கம் அருகில் உள்ள, பதினான்கு மாதத்துக்குள் அடுத்த கன்று காணும் வீட்டில் கலப்பினப் பசு குறைந்த கூலிக்கு நிலையான வேலை தருகிறது என்று சொல்லலாம். தீவனம் முழுவதையும் வாங்கும் நிலமற்ற வீட்டில், மேலே எடுத்த பால் விலையில், ஒற்றை மாட்டுக்கான கடன் பெரும்பாலும் கூலியிலிருந்து கட்டப்படும் கடனாகவே முடியும். அந்த உறுப்பினருக்கு ஆடோ, உள்கடனில் வேறு தொழிலோ பொருந்துமா என்று குழு முதலில் பேசுவது நல்லது.

பெண்ணின் துண்டு துண்டான நேரத்துக்கு என்ன மதிப்பு என்பது இன்னும் தீராத கேள்வி. கிடேரிக் கன்றை வளர்த்து அடுத்த மாடாக்கும் வீடுகளின் கணக்கு எப்படி மாறும், பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கச் செய்யும் உறைவிந்து பரவினால் அது எந்த அளவு உதவும் என்பதும் இனிதான் தெரிய வேண்டும். வெயில் கூடும் ஆண்டுகளில் கலப்பின மாட்டின் ஈற்று இடைவெளி எவ்வளவு நீளும் என்பது இவற்றைவிட அவசரமான கேள்வி.

இவற்றுக்கு விடை குழுக்களின் கையிலேயே இருக்கிறது. கடன் கொடுத்த ஒவ்வொரு மாட்டுக்கும் ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி, வற்றிய தேதி, விற்ற தேதி, விற்ற விலை என்ற ஐந்து விவரங்களைக் கடன் முடிந்த பிறகும் தொடர்ந்து எழுதி வாருங்கள். அடுத்த மாட்டுக்கடன் தீர்மானத்தை அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு போடுங்கள்.